பன்னிரண்டு வோல்ட்டில் பிறக்கும் பொறி

பழைய அம்பாசடர் காரின் பேட்டரி தருவது 12 வோல்ட். எஞ்சினுக்குள் இருக்கும் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி. அந்த இடைவெளியில் இருப்பது வெறும் காற்றுகூட அல்ல, பிஸ்டன் அழுத்திச் சுருக்கிய பெட்ரோல் கலவை. அதைத் தாண்டிப் பொறி பாய வேண்டுமென்றால் பத்தாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவைப்படும். மேட்டில் கார் திணறி ஏறும்போது இன்னும் கூடுதலாகக்கூட வேண்டும்.

பன்னிரண்டுக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கைக்குள் அடங்கும் உலோகக் குப்பி. மெக்கானிக்குகளுக்கு அது இக்னிஷன் காயில், சுருக்கமாகக் காயில். அதற்குள் மெல்லிய இரும்புத் தகடுகளாலான உள்ளகமும், அதன்மேல் தலைமுடி போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்றுகளும், அதற்கும் வெளியே தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகளும் உண்டு. தடித்த சுருளில் பேட்டரி மின்சாரம் ஓடுகிறது. மெல்லிய சுருளிலிருந்து பிளக்குக்கு மின்சாரம் போகிறது.

இதைப் பார்த்ததும் பள்ளியில் படித்த மின்மாற்றி நினைவுக்கு வரும். சுற்றுகள் நூறு மடங்கு கூடினால் மின்னழுத்தமும் நூறு மடங்கு கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். கணக்கு அங்கேயே இடிக்கிறது. காயிலின் சுற்று விகிதம் ஏறத்தாழ நூறுதான். பன்னிரண்டை நூறால் பெருக்கினால் 1,200 வோல்ட். பொறிக்கு அது போதாது. தவிர, பேட்டரி தருவது நேர் மின்னோட்டம், மின்மாற்றியோ மாறும் மின்னோட்டத்தில்தான் வேலை செய்யும். ஆக, மெல்லிய சுருளுக்குப் போகும் முன்பே, தடித்த சுருளிலேயே 12 வோல்ட் சில நூறு வோல்ட்டாக ஏறியிருக்க வேண்டும். ஏற்றியது யார்? அந்தச் சுருள் தானேதான். இதற்குத் தன் மின் தூண்டல் என்று பெயர்.

இதை முதலில் கவனித்து எழுதியவர் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி. மின்கலத்தோடு இணைத்த குட்டையான கம்பியைப் பிரித்தால் பொறி தெரிவதில்லை, நீளமான கம்பியைப் பிரித்தால் பளிச்சென்று பொறி வருகிறது, அந்தக் கம்பியையே சுருட்டி வைத்துப் பிரித்தால் பொறி இன்னும் பலமாகிறது என்று 1832-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதே விளைவைச் சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார். ஒற்றை மின்கலத்தோடு இணைத்த மின்காந்தத்தைப் பிரிக்கும்போது கையில் ஷாக் அடிக்கிறது என்று ஜென்கின் என்பவர் சொன்னதுதான் அவரை அந்தப் பக்கம் திருப்பியது. பின்னாளில் இந்தப் பண்பை அளக்கும் அலகுக்கு ஹென்றியின் பெயரே வைக்கப்பட்டது. 1910 வாக்கில் அமெரிக்காவின் டெய்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் இதை காடிலாக் கார்களுக்கான இக்னிஷனாக மாற்றினார். அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அவர் வகுத்த சுற்றில்தான் ஓடின. அம்பாசடரும் அதில் ஒன்று.

சுருளுக்குள் நடப்பது இதுதான். கம்பியில் மின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். கம்பியைச் சுருளாகச் சுற்றிவிட்டால் ஒரு சுற்று உண்டாக்கும் காந்தப்புலம் மற்ற எல்லாச் சுற்றுகளின் ஊடாகவும் போகும். மின்னோட்டம் மாறாமல் ஓடும்வரை இதனால் ஒன்றும் ஆவதில்லை. மின்னோட்டம் கூடவோ குறையவோ தொடங்கினால் காந்தப்புலமும் மாறும், மாறும் காந்தப்புலம் அதே சுருளில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். அதன் திசை எப்போதும் மாற்றத்துக்கு எதிராகவே இருக்கும். மின்னோட்டம் ஏறப் பார்த்தால் ஏறவிடாது, இறங்கப் பார்த்தால் இறங்கவிடாது. சுற்றுகளை இரட்டிப்பாக்கினால் காந்தப்புலமும் இரட்டிக்கும், அந்தப் புலம் ஊடுருவும் சுற்றுகளும் இரட்டிக்கும். அதனால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. நடுவில் இரும்பு வைத்தால் இன்னும் பல மடங்கு. சுருளின் இந்தக் குணத்தைத் தன் மின் தூண்டல் எண் என்கிறோம். மின்னோட்டம் விநாடிக்கு ஓர் ஆம்பியர் வீதம் மாறும்போது ஒரு சுருள் ஒரு வோல்ட்டால் எதிர்த்தால் அதன் மதிப்பு ஒரு ஹென்றி.

V = L × (ΔI/Δt)

கோயில் தேர் இழுத்தவர்களுக்கு இது புதிதல்ல. அசையாத தேரைக் கிளப்பத்தான் ஊரே கூடி வடம் பிடிக்க வேண்டும். கிளம்பிவிட்டாலோ, நிறுத்துவதற்கு முட்டுக்கட்டை போடுபவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தேருக்கு நிறை எப்படியோ சுருளுக்கு L அப்படி. ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோகும். கம்பியில் ஓடும் எலக்ட்ரான்களின் நிறைதான் இந்த எதிர்ப்புக்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. எலக்ட்ரான்கள் கம்பியில் நத்தையைவிட மெதுவாக நகர்கின்றன, அவற்றின் இயக்க ஆற்றல் பொருட்படுத்தத்தக்கதே அல்ல. அதே கம்பியைச் சுருட்டாமல் நீட்டிப் போட்டால் எலக்ட்ரான்கள் அதே அளவில்தான் இருக்கும், எதிர்ப்போ மிகச் சிறிதாகிவிடும். எதிர்ப்பு கம்பிக்குள் இல்லை, கம்பியைச் சுற்றியுள்ள புலத்தில் இருக்கிறது. இதற்குப் பிறகு மறுபடி வருவோம்.

இப்போது காரின் காயிலை எடுத்துக்கொள்வோம். அதன் தடித்த சுருளின் மின்தடை 3 ஓம், தன் மின் தூண்டல் எண் 9 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குக்கு வசதியாக நான் எடுத்துக்கொண்ட எண்கள் என்றாலும் அந்தக் காலக் காயில்களுக்கு ஏறத்தாழ பொருந்துபவைதான். பேட்டரிக்கும் இந்தச் சுருளுக்கும் நடுவே ஒரு சுவிட்ச் உண்டு, அதுதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட். எஞ்சினோடு சுற்றும் ஒரு கேம் அதைத் திறந்து திறந்து மூடுகிறது.

பாயின்ட் மூடிய கணத்தில் மின்னோட்டம் பூஜ்யம். மின்னோட்டமே இல்லாததால் மின்தடையில் இழப்பு எதுவும் இல்லை. பேட்டரியின் 12 வோல்ட்டையும் சுருள் ஒன்றே எதிர்த்து நிற்கிறது. மேலே சொன்ன வாய்பாட்டின்படி மின்னோட்டம் ஏறும் வேகம் 12-ஐ 0.009-ஆல் வகுத்தது, அதாவது விநாடிக்கு 1,333 ஆம்பியர். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் மில்லிவிநாடிக் கணக்கில் பார்த்தால் மில்லிவிநாடிக்கு ஒன்றேகால் ஆம்பியர் சொச்சம்தான். இதே வேகம் நீடித்தால் 3 மில்லிவிநாடியில் 4 ஆம்பியரை எட்டியிருக்கும். ஆனால் நீடிக்காது. மின்னோட்டம் 2 ஆம்பியரைத் தொடும்போது 3 ஓம் மின்தடை 6 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. சுருளுக்கு மிஞ்சுவது 6 வோல்ட், ஏறும் வேகமும் பாதியாகிவிடுகிறது. மின்னோட்டம் 3 ஆம்பியரானால் மிஞ்சுவது 3 வோல்ட், வேகம் கால்வாசி. மின்னோட்டம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு மேலே ஏறும் வேகம் தளர்கிறது. 4 ஆம்பியரை நெருங்க நெருங்கத் தயங்கித் தயங்கி ஊர்கிறது, கணிதப்படி என்றைக்குமே முழுதாகத் தொடுவதில்லை.

I = (V/R) × (1 − e^(−t/τ)),  τ = L/R

இந்த τ-க்குக் காலமாறிலி என்று பெயர். தூண்டல் எண்ணை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. நம் காயிலுக்கு 9 மில்லிஹென்றியை 3 ஓமால் வகுக்க 3 மில்லிவிநாடி. ஒரு காலமாறிலி கழிந்தால் மின்னோட்டம் இறுதி மதிப்பில் 63 சதவீதம், அதாவது 2.53 ஆம்பியர். இரண்டு கழிந்தால் 86 சதவீதம். மூன்று கழிந்தால் 95. ஐந்து கழிந்தால், அதாவது 15 மில்லிவிநாடியில், நடைமுறைக்கு முழு 4 ஆம்பியர் என்றே சொல்லிவிடலாம். பேட்டரி மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதங்கள் மாறா. இறுதி மின்னோட்டம்தான் மாறும், அதை எட்டும் கால அளவு மாறாது. மாணவர்கள் பலர் இந்த இடத்தில் குழம்புவார்கள்.

சுருள் எதிர்த்தபோது பேட்டரி அதை மீறித் தள்ளியதே, அந்த வேலை எங்கே போனது? மின்தடையில் போனது வெப்பமாகிவிட்டது. சுருளின் எதிர்ப்பை மீறச் செலவானது வீணாகவில்லை, காந்தப்புலத்தில் சேமிப்பாக நிற்கிறது. அதன் அளவு E = ½LI². 4 ஆம்பியரில் இது 0.072 ஜூல், அதாவது 72 மில்லிஜூல். பெட்ரோல் கலவையைப் பற்றவைக்க இதில் ஒரு பகுதி போதும்.

மின்னோட்டத்தின் வர்க்கம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 3 மில்லிவிநாடியில் மின்னோட்டம் 63 சதவீதம் வந்துவிட்டது என்றோம். ஆற்றலோ 29 மில்லிஜூல்தான், முழுக் கொள்ளளவில் 40 சதவீதம். ஆற்றல் எப்போதும் மின்னோட்டத்துக்குப் பின்தங்கியே வருகிறது. அதற்காகச் சாவகாசமாக 9 மில்லிவிநாடி வரை காத்திருந்தால் 65 மில்லிஜூல் சேரும். ஆனால் அதற்குள் பேட்டரி கொடுத்திருப்பது 295 மில்லிஜூல். மீதி 230-உம் கம்பியைச் சூடாக்கிவிட்டன. முதல் 3 மில்லிவிநாடியில் கொடுத்ததில் பாதிக்கு மேல் சேமிப்பாகிறது, பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் வெப்பம். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைக்காதே என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். காரணம் இதுதான். பாயின்ட் தற்செயலாக மூடிய நிலையில் நின்றிருந்தால் 4 ஆம்பியர் நிற்காமல் ஓடும், 48 வாட் வெப்பம் அந்தச் சின்னக் குப்பிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

சேமித்த ஆற்றல் எந்த இடத்தில் இருக்கிறது என்பது இன்னும் சுவையான கேள்வி. நடுவில் இருக்கும் இரும்பில் என்றுதான் யாரும் சொல்வார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 1 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலம் காற்றில் இருந்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.4 ஜூல் ஆற்றல் இருக்கும். அதே 1 டெஸ்லா நல்ல இரும்பில் இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இரும்பு காந்தப்புலத்தை எளிதாக விட்டுவிடுகிறது, எளிதாக விடும் இடத்தில் ஆற்றல் அதிகம் தங்காது. பழைய காயில்களில் உள்ளகம் நேரான ஒரு கட்டைபோல இருக்கும். அதன் இரு நுனியிலிருந்தும் வெளியேறும் புலம் சுற்றியுள்ள எண்ணெய், காப்புத்தாள், காற்று வழியாகத்தான் வட்டத்தை முடித்துக்கொள்ளும். பொறிக்கான ஆற்றலில் பெரும்பங்கு அந்த வெற்றிடம் போலத் தெரியும் பகுதியில்தான் இருக்கிறது. பிற்காலக் காயில்களில் இரும்பை முழு வளையமாக ஆக்கினாலும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளியை விடுகிறார்கள். முழுக்க மூடினால் சிறு மின்னோட்டத்திலேயே இரும்பு தெவிட்டிவிடும், அதற்குமேல் மின்னோட்டம் ஏறினாலும் புலம் அந்த அளவுக்கு ஏறாது. தெவிட்டிய இரும்பில் L மடமடவென்று விழுவதால் மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்த எல்லைவரைதான் செல்லும்.

இனி பாயின்ட் திறக்கிறது. 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் பாதையைச் சட்டென்று துண்டிக்கிறோம். சுருள் அதை ஒப்புக்கொள்ளாது. மின்னோட்டத்தைத் தொடரவைக்க எவ்வளவு மின்னழுத்தம் வேண்டுமோ அவ்வளவையும் தானே உண்டாக்கும். பாயின்ட் முனைகள் பிரியத் தொடங்கும்போது இடைவெளி இழையளவுதான். அந்த இடைவெளியைத் தாண்டி நெருப்பாகப் பாய்வது சுருளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படிப் பாய்ந்தால் 72 மில்லிஜூலும் பாயின்ட் முனையிலேயே எரிந்து தீரும், பிளக்குக்கு ஒன்றும் போகாது.

அதனால்தான் பாயின்டின் இரு பக்கமும் ஒரு கண்டென்சரை இணைத்தார் கெட்டரிங். அளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட். பாயின்ட் பிரியும்போது மின்னோட்டம் முனைகளைத் தாண்டிக் குதிப்பதற்குப் பதில் கண்டென்சருக்குள் திரும்புகிறது. கண்டென்சர் நிரம்பி மின்னழுத்தம் ஏறும் சில பத்து மைக்ரோவிநாடிக்குள் பாயின்ட் போதிய தூரம் விலகிவிடும், அதற்குமேல் பொறி தாண்டாது. இந்தக் கண்டென்சரும், மெல்லிய சுருளின் சுற்றுகளுக்கு நடுவே இயல்பாகவே இருக்கும் மின்தேக்கமும் சேர்ந்து, மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் சரிந்து பூஜ்யமாகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நம் காயிலுக்கு அது ஏறத்தாழ 125 மைக்ரோவிநாடி, ஒரு மில்லிவிநாடியில் எட்டில் ஒரு பங்கு.

இப்போது முதல் வாய்பாட்டையே திரும்பப் போடுவோம். 9 மில்லிஹென்றி, 4 ஆம்பியர் சரிவு, 125 மைக்ரோவிநாடி. விடை 288 வோல்ட். இது சராசரிதான், உச்சம் இதைவிடக் கூடுதல். 12 வோல்ட் தள்ளியதால் பல மில்லிவிநாடி எடுத்து ஏறிய மின்னோட்டம், எட்டில் ஒரு மில்லிவிநாடியில் விழுந்தது. விழும் வேகம் எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு மின்னழுத்தம். மெல்லிய சுருளில் இது நூறு மடங்காகிறது. இழப்புகள் போக இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தாராளமாகக் கிடைக்கும். தொடக்கத்தில் கணக்கு இடித்த இடம் இப்போது சரியாகிவிட்டது. நூறு மடங்கு சுற்று விகிதத்தின் வேலை. மீதி இருபது, முப்பது மடங்கு தன் மின் தூண்டலின் வேலை.

பன்னிரண்டு வோல்ட்தானே என்று எஞ்சின் ஓடும்போது காயிலின் பாயின்ட் பக்க முனையைத் தொட்டவர்கள் கையை உதறிக்கொண்டு துள்ளுவதும் இதனால்தான். தடித்த ஒயர் வரும் பிளக் பக்கம்தான் ஆபத்து என்று நினைத்து இந்தப் பக்கம் கை வைப்பார்கள். அங்கே பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் சில நூறு வோல்ட் காத்திருக்கிறது.

கண்டென்சர் பழுதானால் எப்படித் தெரியும்? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றினால் பாயின்டில் நீலப் பொறி தடித்து அடிக்கும். முனைகள் சீக்கிரமே கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாகிவிடும். பிளக்கில் பொறி மெலிந்து மஞ்சளாகத் தெரியும். பாயின்டை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் சில நாள் ஓடும், திரும்பவும் கருகும். குற்றம் பாயின்டில் இல்லாதபோது பாயின்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

இதுவரை சுருளுக்கு வேண்டிய நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டோம். எஞ்சின் அந்த நேரத்தைத் தருமா? நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால் ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே 30 மில்லிவிநாடி. அம்பாசடரின் பாயின்ட் ஒவ்வொரு 90 பாகைக்கும் 60 பாகை மூடியிருக்கும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு நேரம். ஆக, 20 மில்லிவிநாடி. காயில் முழுக்க நிறைந்துவிடும், 72 மில்லிஜூலும் தயார். 2,000 சுற்றில் 10 மில்லிவிநாடி, 67 மில்லிஜூல், அப்போதும் குறையில்லை. 4,000 சுற்றில் கிடைப்பது 5 மில்லிவிநாடி மட்டும். மின்னோட்டம் 3.24 ஆம்பியரை எட்டும்போதே பாயின்ட் திறந்துவிடும். சேமிப்பு 47 மில்லிஜூல். மின்னோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சின் இதற்குமேல் அதிகம் சுற்றாது என்பதால் தப்பித்தது.

இப்போது பாயின்ட் கேப் தவறாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணளவில் வைத்ததால் கூடிவிட்டது. கேப் கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். 60 பாகை 50 ஆகிறது என்று கொண்டால், 4,000 சுற்றில் கிடைக்கும் நேரம் 5 மில்லிவிநாடியிலிருந்து 4.2-ஆகச் சுருங்கும். மின்னோட்டம் 3 ஆம்பியர், ஆற்றல் 40 மில்லிஜூல் சொச்சம். ஐட்லிங்கில் வண்டி அருமையாக நிற்கும், ஒரு குறையும் தெரியாது. ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் மூன்றாம் கியரில் இழுக்கும்போதுதான் விட்டு விட்டு அடிக்கும். அந்த நிலையில் சிலிண்டரில் அழுத்தம் அதிகம், பொறி தாண்டுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும், சேமிப்போ குறைந்திருக்கிறது. நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது சரியாகவும் ஓட்டும்போது மட்டும் கெட்டதாகவும் இருக்கும் பழுதுக்குப் பாதி நேரம் காலமாறிலிதான் காரணம்.

கேப்பைக் குறைத்து வைத்தால் நேரம் கூடுமே என்று தோன்றும். கூடும்தான். ஆனால் குறுகிய கேப்பில் பாயின்ட் போதிய தூரம் விலகுவதற்குள் மின்னழுத்தம் ஏறிவிடும், முனையிலேயே பொறி பாயும். கேமை உரசும் ஃபைபர் தேயத் தேயக் கேப் தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னது அதற்காக.

ஒற்றை சிலிண்டர் புல்லட்டுக்கு இந்தக் கவலையே இல்லை. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்பதால் 4,000 சுற்றிலும் ஒரு பொறிக்கு 30 மில்லிவிநாடி கிடைக்கும். எட்டு சிலிண்டர் கொண்ட அமெரிக்கக் கார்களின் நிலை நேர்மாறானது. அங்கே 6,000 சுற்றில் விநாடிக்கு 400 பொறி, மொத்த நேரமே இரண்டரை மில்லிவிநாடி. நம் காயிலை அதில் மாட்டினால் பொறிக்கு 13 மில்லிஜூல்தான் மிஞ்சும். வேக ஓட்டத்துக்கென்று செய்த வண்டிகளில் இரண்டு பாயின்ட்களை வைத்து, ஒன்று திறந்த சற்று நேரத்திலேயே மற்றது மூடும்படி அமைத்து, மூடியிருக்கும் நேரத்தை நீட்டினார்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் கதை வேறு. செல்ஃப் போட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கிறது, தளர்ந்த பேட்டரி 8 வோல்ட்டுக்கு விழுகிறது. எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றுகிறது, நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இறுதி மின்னோட்டமே 2.67 ஆம்பியர், சேமிப்பு 32 மில்லிஜூல். மின்னழுத்தம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் ஆற்றல் பாதிக்கும் கீழே போகிறது. வர்க்கத்தின் விளைவு. மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அப்போது பேட்டரியின் வேலை காயிலுக்கு மட்டும்தான். பிற்காலத்தில் காயிலை 1.5 ஓமில் செய்து, வெளியே இன்னொரு 1.5 ஓம் மின்தடையைத் தொடரில் வைத்தார்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அந்த வெளி மின்தடை விலகிக்கொள்ளும், 8 வோல்ட்டிலும் ஐந்து ஆம்பியருக்கு மேல் ஓடும். ஓடும் நேரத்தில் மின்தடை மறுபடி சேர்ந்துகொள்வதால் காயில் சூடாவதில்லை.

காயிலே பழுதா என்று மல்ட்டிமீட்டரில் ஓம் பார்ப்பது வழக்கம். அறுந்த கம்பியை அது காட்டிக்கொடுக்கும். சுற்றுகளில் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட காயிலைக் காட்டிக்கொடுக்காது. பல்லாயிரம் சுற்றில் நூறு சுற்று ஒட்டிக்கொண்டால் மின்தடை ஒரு சதவீதம்தான் மாறும், மீட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒட்டிய சுற்றுகள் தாமே ஒரு மூடிய வளையமாகிக் காந்தப்புலத்தின் மாற்றத்தை எதிர்க்கும், வெளியிலிருந்து பார்க்கத் தூண்டல் எண் விழுந்ததுபோலத் தெரியும். கிளாம்ப் மீட்டரோடு ஆசிலோஸ்கோப்பை இணைத்து மின்னோட்டத்தின் வளைவைப் பார்த்தால் தப்ப முடியாது. நல்ல காயிலில் கோடு பூஜ்யத்திலிருந்து சாய்வாக எழும். கெட்டதில் முதல் கணத்திலேயே செங்குத்தாகக் குதித்துவிட்டுப் பிறகுதான் சாயும்.

நூறு சிசி பைக்குகளில் பரவலாக வந்த சி.டி.ஐ. முறை இந்தக் காத்திருப்பையே தவிர்த்துவிட்டது. அங்கே ஆற்றல் கண்டென்சரில் சேமிக்கப்படுகிறது, காயில் வெறும் மின்மாற்றியாகத்தான் வேலை செய்கிறது. கார்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அவை பாயின்டை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டரை வைத்து, காயிலைத் தைரியமாக மாற்றிக்கொண்டன. மின்தடை 0.5 ஓம், தூண்டல் எண் 3 மில்லிஹென்றி என்று ஒரு காயிலை எடுத்துக்கொள்ளுங்கள். காலமாறிலி 6 மில்லிவிநாடி, பழையதைவிட இரட்டிப்பு. பார்த்தால் மோசமாகத் தெரியும். இறுதி மின்னோட்டமோ 24 ஆம்பியர். அதுவரை போகவிட்டால் 288 வாட்டில் காயில் கருகிவிடும். போகவிடுவதே இல்லை என்பதுதான் சூட்சுமம். வளைவின் தொடக்கப் பகுதியில், கோடு இன்னும் நேராகவே ஏறிக்கொண்டிருக்கும்போது, 7 ஆம்பியரில் டிரான்சிஸ்டர் துண்டித்துவிடும். அதற்கு ஆகும் நேரம் 2.1 மில்லிவிநாடி, சேர்ந்திருப்பது 73 மில்லிஜூல். பழைய காயில் 15 மில்லிவிநாடி எடுத்துச் சேர்த்தது, வெப்பத்தில் பெரும்பகுதியை இழக்காமல் இரண்டு மில்லிவிநாடியில் கிடைத்துவிடுகிறது.

எப்போது மூட வேண்டும் என்பதை இப்போது கேம் முடிவு செய்வதில்லை, எஞ்சினின் கணினி முடிவு செய்கிறது. அது முதலில் பார்ப்பது பேட்டரி மின்னழுத்தத்தை. செல்ஃப் போடும்போது 9 வோல்ட்டுக்கு விழுந்திருந்தால் அதே 7 ஆம்பியரை எட்ட 2.1 அல்ல, ஏறத்தாழ 3 மில்லிவிநாடி ஆகும். அந்தக் கூடுதல் நேரத்தைக் கணக்கிட்டு, பொறி வேண்டிய கணத்துக்கு 3 மில்லிவிநாடி முன்பே மூடிவிடுகிறது.